கடைக்கு அனுப்பும் வாரண்டி மெசேஜ்: அண்ணாச்சி அப்படியே ஃபார்வேர்ட் செய்யும்படி எழுதுவது எப்படி?

ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ மக்கர் பண்ணினால் நெல்லைச் சீமையில் முதல் போன் போவது வாங்கின கடைக்குத்தான். கம்பெனியின் டோல் ஃப்ரீ எண் மெஷின் மேலேயே ஒட்டியிருந்தாலும், "அண்ணாச்சிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்" என்பது நம் பழக்கம். அதில் தப்பில்லை. கடைக்காரர் சொன்னால் சர்வீஸ் சென்டரில் வேலை கொஞ்சம் சீக்கிரம் நகர்வதும் உண்டு. ஆனால் கடையில் சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த ஒரு வார்த்தையை எப்படி எழுதுவது என்பது புரியும்.

பெரிய பொருள்களைக் கடைக்காரர் பழுது பார்ப்பதில்லை. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் கவுண்டரில் இருக்கும் பையன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு ஃபார்வேர்ட் செய்வான். அங்கே ஒருவர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் கம்ப்ளைன்ட் பதிவார். அந்தப் பதிவு டெக்னீஷியனின் போனுக்குப் போகும். ஆக, உங்கள் மெசேஜை மூன்று பேர் படிக்கிறார்கள், மூவருக்கும் நீங்கள் யாரென்று தெரியாது. மெசேஜில் ஒரு விவரம் விட்டுப்போனால் அது கேள்வியாகத் திரும்பி வரும். கேள்வி வந்து பதில் போவதற்குள் ஒரு நாள் ஓடிவிடும்.

இங்கே தூரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையும் சர்வீஸ் சென்டரும் பெரும்பாலும் டவுன், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டைப் பக்கம் இருக்கும். மெஷின் இருப்பது கல்லிடைக்குறிச்சியிலோ நாங்குநேரியிலோ வள்ளியூரிலோ. டெக்னீஷியன் அந்தப் பக்கத்துக் கம்ப்ளைன்ட்களையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே நாளில் போய்வரப் பார்ப்பார். வந்து பார்த்துவிட்டு, "இதுக்கு வேற பார்ட்டு வேணும், அடுத்த தடவை கொண்டாறேன்" என்று கிளம்பிவிட்டால் அந்த அடுத்த தடவை என்றைக்கு என்பது யாருக்கும் தெரியாது. முதல் வருகையிலேயே சரியான பார்ட் பையில் இருக்க வேண்டுமென்றால் பழுதை நீங்கள் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போகலாம். பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பா, மகள் கல்யாணச் சீருக்காக டபுள் டோர் ஃப்ரிட்ஜ் வாங்குகிறார். பில் தேதி 12 மே 2025. பில் அவர் பெயரில், அவர் போன் எண்ணில். மகள் வாழ்க்கைப்பட்டது கல்லிடைக்குறிச்சி, ஃப்ரிட்ஜும் அங்கே போய்விட்டது. எட்டு மாதம்போல நன்றாக ஓடியது. 2026 பிப்ரவரி முதல் வாரத்தில் கீழ்த்தட்டில் வைத்த பால் காலையில் திரிந்து கிடக்கிறது. இந்த வீட்டுக்கு மெசேஜ் எழுதுவோம்.

எழுதும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் பில். இரண்டாவது மெஷினில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் அதில்தான் இருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பெரும்பாலும் கீழ்க்கதவைத் திறந்தால் உள்பக்கச் சுவரில், காய்கறிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். சிலவற்றில் பின்பக்கம். இந்த எண்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டாம். O என்ற எழுத்தும் 0 என்ற எண்ணும், B-யும் 8-ம் மாறிப்போகும். ஸ்டிக்கரையே படம் எடுத்துவிடுங்கள்.

பில்லிலும் சீரியல் எண் அச்சாகியிருந்தால் இரண்டும் ஒன்றுதானா என்று ஒரு தடவை ஒத்துப் பாருங்கள். சீர் சாமான் ஏற்றும் அவசரத்தில் குடோனிலிருந்து வேறு பெட்டி வந்துவிடுவது நடக்கிற விஷயம். எண்கள் வேறாக இருந்தால் அதை மறைக்காமல் மெசேஜிலேயே சொல்லிவிட்டு, பில்லைத் திருத்தித் தரும்படி கேளுங்கள். டெக்னீஷியன் வாசலில் நின்று கண்டுபிடித்தால் அன்றைக்கு வேலை நடக்காது.

மூன்றாவது, ஆள் வந்து பிளக்கைச் சொருகிவிட்டுப் போகிற நிலை வராமல் பார்த்துக்கொள்வது. அதே பாயின்ட்டில் வேறு எதையாவது சொருகி கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே குளிர்காற்று வரும் துளைகளை மாவுத் தூக்கோ குழம்புச் சட்டியோ அடைத்துக்கொண்டு இருக்கிறதா? கதவு ரப்பர் எங்காவது விலகி நிற்கிறதா? இவ்வளவு போதும். பின்பக்க மூடியைக் கழற்ற வேண்டாம். தெரு முக்கில் இருக்கும் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வாரண்டி முடியும்வரை அவரைக் கூப்பிட வேண்டாம். வெளியாள் கை வைத்தது தெரிந்தால் வாரண்டி கிடையாது என்று ஏறக்குறைய எல்லா வாரண்டி அட்டையிலும் போட்டிருக்கும்.

பில்லின் படம்

படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மெசேஜ் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கடைகளில் தரும் வழுவழுப்பான பில் பல சமயம் தெர்மல் காகிதம். அதில் மையே கிடையாது. காகிதத்தின் மேல் பூசிய ரசாயனம் சூடுபட்டுக் கறுத்துத்தான் எழுத்தாகிறது. அதனாலேயே வெயிலிலும் வெப்பத்திலும் எழுத்து மங்கிவிடும். பிளாஸ்டிக் கவருக்குள் நாள்பட வைத்தாலும் வெளுக்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று சிலர் லேமினேஷன் போடக் கொடுக்கிறார்கள். அந்தச் சூட்டில் பில் முழுக்கக் கறுத்துப்போகும். ஆகவே வாங்கின அன்றே படம் எடுத்து, அதை வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். ஏ4 தாளில் அச்சடித்த பில் என்றால் இந்தக் கவலை இல்லை.

படம் எடுக்கும்போது பில்லைத் தரையிலோ மேஜையிலோ விரித்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், ஃப்ளாஷ் வேண்டாம். வழுவழுப்பான காகிதத்தில் ஃப்ளாஷ் பட்ட இடம் வெள்ளையாக அடித்துவிடும், பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தேதி இருக்கும். பில்லின் நான்கு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். கையில் பிடித்தபடி எடுத்தால் கட்டைவிரல் பில் எண்ணை மறைத்துக்கொள்ளும். எடுத்த பிறகு பெரிதாக்கிப் பாருங்கள்: கடையின் பெயர், பில் எண், தேதி, உங்கள் பெயர், பொருளின் பெயர், கடையின் ஜிஎஸ்டி எண் ஆறும் வாசிக்க வருகிறதா? ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், நம் மாநிலக் கடைகளுக்கு 33 என்று தொடங்கும்.

வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். சின்ன எழுத்துள்ள பில்லுக்கு இது ஆகாது. பேப்பர் க்ளிப் அடையாளத்தைத் தொட்டு Document வழியாக அனுப்பினால் தெளிவு குறையாமல் போகும். கார்டில் பணம் கட்டிய சீட்டு, ஆதார் நகல் எதையும் கூடவே அனுப்ப வேண்டாம். வாரண்டிக்கு அவை தேவையில்லை, ஃபார்வேர்ட் ஆகி எங்கே போய் நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்டு, ஜிஎஸ்டி எண் இல்லாமல், ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தது பில் ஆகாது. கடைக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டுவார், கம்பெனி ஏற்காது. முன்பணம் கட்டிய ரசீதும் அப்படித்தான். கையில் அதுதான் இருக்கிறதென்றால் பழுதுக்குக் காத்திராமல் இன்றைக்கே கடையில் முறையான பில் கேளுங்கள். விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை.

பில் தொலைந்திருந்தாலும் வழி இருக்கிறது. பில் போடும்போது கேட்ட போன் எண்ணைச் சொன்னால் கடையின் கம்ப்யூட்டரில் தேடி மறுபடி அச்சடித்துத் தரலாம். எந்த நாள் என்று நினைவில்லையென்றால் ஜிபே, போன்பே கணக்கிலோ பேங்க் ஸ்டேட்மென்ட்டிலோ பணம் போன தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள், தேடுவது சுலபமாகும்.

தேதியும் பெயரும்

வாரண்டி பொதுவாக பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது. பால் காய்ச்சிய நாளோ, சீர் இறங்கிய நாளோ, பிளக்கை முதன்முதலில் சொருகிய நாளோ கணக்கில் வராது. நம் உதாரணத்தில் கல்யாணம் ஜூன் மாதம் என்றாலும் ஓராண்டு வாரண்டி 2026 மே மாதம் 11-ஆம் தேதியோடு தீர்ந்துவிடும். மெசேஜில் தேதியை "போன வைகாசி" என்றோ "கல்யாணத்துக்கு முன்னாடி" என்றோ எழுதக் கூடாது. 05-12-2025 என்று எழுதினாலும் குழப்பம்தான், டிசம்பர் 5-ஆ மே 12-ஆ என்று ஒருவர் யோசிப்பார். 12 மே 2025 என்று மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

வாரண்டி முடிய நாலைந்து நாள்தான் இருக்கிறதென்றால், "வாரக் கடைசியில பாத்துக்கிடலாம்" என்று விடவே கூடாது. பழுதைச் சொன்ன நாள் வாரண்டிக்குள் இருக்க வேண்டும். ஆள் வருவது அதற்குப் பிறகு ஆனாலும் நீங்கள் கேட்க இடம் உண்டு. போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மெசேஜில் நாளும் நேரமும் தானாகவே பதிந்துவிடும்.

சீர்ப் பொருள்களில் பில்லில் உள்ள பெயர் ஒன்று, வீடு வேறொன்று என்பது நம்மூரில் சாதாரணம். இது வாரண்டிக்குத் தடையில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் டெக்னீஷியன் பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்துவிட்டுப் பாளையங்கோட்டை வீட்டு வாசலில் வந்து நிற்பார். மெசேஜை பில்லில் உள்ள போன் எண்ணிலிருந்து அனுப்புவது நல்லது, கடையில் தேடிப் பார்க்க அது உதவும். மெஷின் இருக்கும் முகவரியையும் அங்கே பகலில் போன் எடுக்கும் ஆளின் எண்ணையும் தனியாக எழுத வேண்டும்.

இன்னொன்று, சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள் வரிக் கணக்குக்கு உதவும் என்று வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் கடை பெயரில் பில் போடச் சொல்வதுண்டு. வீட்டு உபயோகத்துக்கான மாடல்களுக்கு வியாபார இடத்தில் வாரண்டி இல்லை என்று பல கம்பெனிகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. டீக்கடை பெயரில் பில் இருந்தால் அங்கேயே பேச்சு நின்றுபோகும்.

பழுதைச் சொல்லும் விதம்

"ஃப்ரிட்ஜ் ஓடல" என்பதிலிருந்து டெக்னீஷியனுக்கு ஒன்றும் கிடைக்காது. "கம்ப்ரஸர் போச்சு" என்பது அதைவிட மோசம். அது நம் ஊகம், பெரும்பாலும் தப்பான ஊகம். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, எப்போதிலிருந்து, இடையில் என்ன செய்தோம், அதற்குப் பிறகு என்ன ஆனது இவைதான் வேண்டும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம் என்பதற்கு ஃப்ரிட்ஜையே பார்ப்போம். டபுள் டோர் ஃப்ரிட்ஜ்கள் பெரும்பாலும் ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை. அதில் குளிர்விக்கும் காயில் ஃப்ரீஸருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒரு சின்ன ஃபேன் அந்தக் குளிரை ஃப்ரீஸருக்கும் கீழ்ப்பகுதிக்கும் தள்ளும். காயிலில் படியும் உறைபனியை ஒரு ஹீட்டர் இடைவெளி விட்டு இடைவெளி விட்டு உருக்கும். ஹீட்டரோ, அதற்கான சென்சாரோ, இவற்றை நடத்தும் போர்டோ கெட்டுவிட்டால் பனி உருகாது. காயில் முழுக்க ஐஸ் மூடிக்கொண்டு காற்று போகும் வழி அடைபடும். விளைவு என்ன? மேலே ஐஸ் உறைந்தபடி இருக்கும், கீழே பால் திரியும்.

இதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. ஃப்ரிட்ஜை ஆஃப் செய்து கதவுகளைத் திறந்து ஒரு நாள் விட்டால் உள்ளே இருக்கும் ஐஸ் உருகிவிடும். மறுபடி போட்டால் சில நாள் ஒழுங்காகக் குளிரும், பிறகு பழையபடி. இதை வீட்டில் பலர் தற்செயலாகவே செய்திருப்பார்கள், ஆனால் மெசேஜில் எழுத மாட்டார்கள். அனுபவமுள்ள டெக்னீஷியன் அந்த ஒரு வரியைப் படித்தாலே ஹீட்டரும் சென்சாரும் எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

கீழேயும் மேலேயும் இரண்டிலும் குளிர் இல்லை, ஆனால் பின்பக்கம் உறுமல் ஓயாமல் கேட்கிறது என்றால் கதை வேறு. அது கேஸ் கசிவாக இருக்கலாம், அதற்கு சிலிண்டரும் வெல்டிங் சாமான்களும் வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் வந்து, கொஞ்சம் முனகி, மறுபடி 'டிக்' என்று அடங்குகிறது என்றால் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று முடியாமல் நிற்கிறது. அது ரிலே பழுதாக இருக்கலாம், வோல்டேஜ் குறைவாகவும் இருக்கலாம். கதவைத் திறந்தால் லைட்டே எரியவில்லை என்றால் கரண்ட் வரும் வழியில் கோளாறு. நாலுக்கும் நாம் சொல்வது "கூலிங் இல்ல" என்ற ஒரே வார்த்தைதான். நாலுக்கும் பை வேறு.

எது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். லைட் எரிகிறதா, பின்பக்கம் சத்தம் கேட்கிறதா, ஃப்ரீஸரில் ஐஸ் இருக்கிறதா, கீழே குளிர் இருக்கிறதா என்ற நாலுக்கும் ஆம், இல்லை சொன்னாலே பாதி வேலை முடிந்தது. வாஷிங் மெஷினாக இருந்தால் டிஸ்ப்ளேயில் வரும் எழுத்தும் எண்ணும்தான் முக்கியம், அதைப் படம் எடுத்துவிடுங்கள். சத்தம்தான் பழுது என்றால் இருபது நொடி வீடியோ போதும்.

வோல்டேஜ் பற்றியும் எலி பற்றியும் கேட்பார்கள். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வந்த சேதம், எலி வயரைக் கடித்தது, கீழே விழுந்து உடைந்தது போன்றவை பெரும்பாலும் வாரண்டிக்குள் வராது. அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை, வந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதே சமயம், அன்றைக்கு மழை, இடி, கரண்ட் போய்ப் போய் வந்தது என்று பழுதோடு சம்பந்தம் உண்டா இல்லையா என்றே தெரியாத கதையை நாமாக இழுத்துவிடவும் வேண்டாம். ஸ்டெபிலைசர் இருந்தால் இருக்கிறது என்று எழுதுங்கள். கேட்டால் கேட்டதற்கு உள்ளதைச் சொல்லுங்கள்.

மெசேஜ்

வழக்கமாகப் போகும் மெசேஜ் இப்படி இருக்கும்: "அண்ணாச்சி வணக்கம்" என்று ஒன்று. பதில் வரும்வரை காத்திருப்பு. "பிரிட்ஜ் ஓடல அண்ணாச்சி" என்று இன்னொன்று. அப்புறம் ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். "பில் அப்பாட்ட இருக்கு, சாயந்தரம் அனுப்புதேன்." கவுண்டர் பையன் இதில் எதை ஃபார்வேர்ட் செய்வான்? வாய்ஸ் மெசேஜைக் கேட்டு எழுதிக்கொள்ள சர்வீஸ் சென்டரில் யாருக்கும் நேரம் இருக்காது.

எல்லாம் ஒரே மெசேஜில் இருக்க வேண்டும். பாளையங்கோட்டை அப்பா எழுதுவது இது. பெயர், எண்களின் இடத்தில் மட்டும் புள்ளி வைத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, வணக்கம். உங்க கடையில் வாங்கின ஃப்ரிட்ஜ் வாரண்டிக்குள் பழுதாகியிருக்கிறது. கம்பெனியில் கம்ப்ளைன்ட் பதிவு செய்து, கம்ப்ளைன்ட் எண்ணை இந்த நம்பருக்கு அனுப்பித் தாருங்கள்.

வாங்கிய தேதி: 12 மே 2025
பில் எண்: ........
பில்லில் உள்ள பெயர்: ........, பாளையங்கோட்டை
பொருள்: டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். மாடல், சீரியல் எண் ஸ்டிக்கர் படத்தில் உள்ளது.

பழுது: 2 பிப்ரவரி 2026 முதல் கீழ்ப்பகுதியில் குளிர் இல்லை, பால் திரிந்துவிடுகிறது. மேலே ஃப்ரீஸரில் ஐஸ் உறைகிறது. லைட் எரிகிறது. பின்பக்கம் ஓடும் சத்தம் கேட்கிறது. 4-ஆம் தேதி ஒரு நாள் ஆஃப் செய்து கதவைத் திறந்து வைத்தோம். அதன்பின் நான்கு நாள் நன்றாகக் குளிர்ந்தது. 9-ஆம் தேதியிலிருந்து மறுபடி கீழே குளிர் இல்லை. ஸ்டெபிலைசர் உண்டு. வெளியாள் யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஃப்ரிட்ஜ் இருக்கும் இடம்: மகள் வீடு, ........ தெரு, கல்லிடைக்குறிச்சி. அடையாளம்: ........
வீட்டில் பேச வேண்டிய எண்: ........ (மகள்). காலை 10 மணிக்கு மேல் எந்த நாளும் வரலாம். கிளம்பும் முன் போன் செய்யச் சொல்லுங்கள்.

படங்கள் 3: பில், ஸ்டிக்கர், வாரண்டி அட்டை.

அனுப்பிய தேதி 10 பிப்ரவரி என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியிலேயே என்ன வேண்டும் என்று கேட்டாகிவிட்டதைக் கவனியுங்கள். "கொஞ்சம் பாருங்க அண்ணாச்சி" என்று முடித்தால் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கலாம். கம்ப்ளைன்ட் எண் கேட்டால், பதிந்தால்தான் பதில் சொல்ல முடியும். படங்கள் எத்தனை என்று கடைசியில் எழுதியதற்கும் காரணம் உண்டு. ஃபார்வேர்ட் செய்யும்போது மெசேஜ் போய்ப் படம் நின்றுவிடும். மூன்று என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கம் எண்ணிப் பார்த்துக் கேட்பார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் 'பில் 12 மே 2025' என்பதுபோல ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்பினால் இன்னும் நல்லது.

கோபத்தை இந்த மெசேஜில் போட வேண்டாம். "இவ்வளவு ரூபாய் வாங்கினீங்களே" என்று தொடங்கினால், கடைக்காரர் அதைச் சர்வீஸ் சென்டருக்கு எப்படி ஃபார்வேர்ட் செய்வார்? வெட்டி ஒட்டும்போது பழுது விவரத்தையும் சேர்த்து வெட்டிவிடுவார்.

தமிழிலேயே எழுதலாம். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதைவிட அதுதான் வாசிக்கச் சுலபம்.

அனுப்பிய பிறகு

"சரி அண்ணாச்சி, சொல்லிட்டேன்" என்று பதில் வந்தால் அதோடு விடாதீர்கள். பெரும்பாலான கம்பெனிகளில் கம்ப்ளைன்ட் பதிவானால் உங்கள் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். மறுநாள் மதியம்வரை வரவில்லை என்றால், "கம்ப்ளைன்ட் எண் வரவில்லை அண்ணாச்சி, பதிவாகிவிட்டதா?" என்று அதே சாட்டில் ஒரு வரி கேளுங்கள். கூடவே நீங்களும் கம்பெனிக்கு நேரடியாகப் போன் செய்து பதிந்துகொள்ளலாம். அந்த எண்ணை வாரண்டி அட்டையிலிருந்தோ மெஷின் ஸ்டிக்கரிலிருந்தோ எடுங்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடினால் முதலில் வருவது மோசடிக்காரர் எண்ணாக இருக்கலாம். பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்று லிங்க் அனுப்புகிறவர் கம்பெனி ஆள் கிடையாது.

டெக்னீஷியன் வந்தால் ஒரிஜினல் பில்லைக் காட்டுங்கள், கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். ஓராண்டுக்குள் என்றால் பார்ட்டுக்கும் கூலிக்கும் பொதுவாகக் காசு இல்லை, கேட்டால் வாரண்டி அட்டையில் எந்த வரிப்படி என்று கேளுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் 10 ஆண்டு என்று பெரிதாக ஒட்டியிருப்பது கம்ப்ரஸருக்கு மட்டும். முதல் ஆண்டு முடிந்த பிறகு கம்ப்ரஸர் இலவசமாக வந்தாலும் கேஸ் நிரப்பவும், கூலிக்கும், வண்டிக்கும் பணம் கேட்கலாம். அது ஏமாற்று இல்லை, அட்டையின் சின்ன எழுத்தில் இருக்கும். கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டி வாங்கியிருந்தால் அது வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கலாம். அப்போது மெசேஜில் அந்தச் சான்றிதழின் எண்ணும் படமும் வேண்டும்.

வேலை முடிந்ததும் சில கம்பெனிகளில் உங்கள் போனுக்கு ஒரு கோட் வரும். அதைச் சொன்னால் கம்ப்ளைன்ட் முடிந்ததாக மூடப்படும். "பார்ட் அடுத்த வாரம் வரும், இப்ப கோடைச் சொல்லுங்க" என்றால் சொல்லக் கூடாது. பார்ட் மாற்றி, கீழ்ப்பகுதி குளிர்ந்த பிறகுதான். ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் என்ன மாற்றினார் என்று எழுதியிருக்கிறதா என்று வாசித்துவிட்டு, அதையும் படம் எடுத்து பில் படத்தோடு வையுங்கள். மறுபடி அதே பழுது வந்தால் அடுத்த மெசேஜில் நாலாவது படம் அதுதான்.

பதிலே இல்லையென்றால்

ஒரு வாரம் ஆகியும் எண்ணும் வரவில்லை, ஆளும் வரவில்லை என்றால் முதல் மெசேஜை அழுத்திப் பிடித்து Reply கொடுத்து, "10 பிப்ரவரி அன்று அனுப்பியது. இதுவரை கம்ப்ளைன்ட் எண் வரவில்லை. 20-ஆம் தேதிக்குள் ஆள் வரவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண்ணில் பதிவேன்" என்று எழுதுங்கள். மிரட்டலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், தேதி போட்டு எழுதுகிறவரிடம் சும்மா இருக்க முடியாது என்பது கடைக்காரருக்குத் தெரியும். அதே மெசேஜை கம்பெனியின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள்.

அந்த உதவி எண் 1915, தேசிய நுகர்வோர் உதவி மையம். தமிழிலும் பேசலாம். அங்கே கேட்பதும் இதே விவரங்கள்தான், ஆகவே புதிதாக எழுத வேண்டியதில்லை. அதிலும் தீரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. e-Jagriti இணையதளத்திலும் பதியலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கடை சென்னையிலோ கோவையிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மனுவோடு வைக்க வேண்டியவை பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் சாட்டின் ஸ்கிரீன்ஷாட். சாட்டில் 'Delete for me' அழுத்திச் சுத்தம் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு சாட்டை மட்டும் விட்டுவையுங்கள்.